ஐந்து முறை தோற்றால் நின்றுவிடு

போடியில் ஏலக்காய்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு கடையின் மாடி அறையில் நானும் என் கூட்டாளியும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறோம். "சாஃப்ட்வேர் கம்பெனியா? போடியிலயா?" என்று சிரிப்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கூட்டாளி என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்தவன். அவன் என்னை மாப்ளே என்பான், நானும் அவனை மாப்ளே என்பேன், யாருக்கு யார் பெண் கொடுத்தோம் என்பது இருவருக்குமே தெரியாது. அவன் நிதானக்காரன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது பொய்யில்லை.

எங்களுக்குக் கிடைத்த வேலைகளில் நான் உயிரைக் கொடுத்துச் செய்தது கங்காணி அக்காவின் வேலைதான். போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் பெண்களை அழைத்துப் போகிறவர் அவர். போடியிலும் சிலமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து, விடியும் முன்னே ஜீப்பில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி, தோட்டத்தில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முதலில் ஒரு ஜீப்புக்குத்தான் ஆள் வைத்திருந்தார். நான் பார்க்கும்போது ஐந்து ஜீப்பு. அந்த வட்டாரத்தில் ஆண்களே கங்காணிகளாக இருந்த தொழிலில் அவர் தனியாக நுழைந்து வளர்ந்தவர், ஆகவே அவர் சறுக்கி விழுவதைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர்.

நாளைக்கு வேலை உண்டா, இல்லையா என்பதை ஒவ்வொரு பெண்ணுக்கும் முந்தின நாள் மாலையே சொல்லியாக வேண்டும். மழை, தோட்டக்காரரின் மனசு, காயின் பதம், எல்லாவற்றையும் பார்த்து நாலு மணிக்கு மேல்தான் அது முடிவாகும். ஒரு ஜீப்பாக இருந்தவரை அக்கா தானே போன் போட்டார். ஐந்து ஜீப்பு ஆனதும் அடுப்பில் உலை கொதிக்க, காதில் போனோடு, படுக்கப் போகும்வரை அதே சோலி. "தொண்ட கட்டிப்போச்சு தம்பி. மெசினு ஒண்ணு போன் பண்ணுமாம்ல, அத எனக்குச் செஞ்சு குடு" என்று ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்து கேட்டார்.

செய்து கொடுத்தோம். அவர் போனில் பெயர்களைத் தட்டினால், ஒவ்வொரு பெயரும் ஓர் அழைப்பாக எங்கள் வரிசையில் சேரும். எங்கள் கணினியில் ஓயாமல் ஓடுகிற ஒரு நிரல் அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும். அதை நாங்கள் ஒர்க்கர் என்போம். ஆனால் ஒர்க்கருக்குத் தானாகப் போன் பண்ணத் தெரியாது. வெளியூரில் இருக்கும் ஓர் அழைப்பு நிறுவனத்திடம் "இந்த எண்ணைக் கூப்பிடு, இந்தக் குரலைப் போடு" என்று இணையம் வழியே சொல்லும், அவர்கள் கூப்பிடுவார்கள், என்ன ஆயிற்று என்று பதில் அனுப்புவார்கள். குரல் அக்காவுடையது. "நாளைக்கு வேல இருக்கு ஆத்தா, வெரசா வந்துருங்க" என்று அவரே பேசிப் பதிவு செய்து கொடுத்தார். முதல் நாள் அந்த அழைப்பு போனதும் பாதிப் பேர் "சரிக்கா, குழம்பு வச்சுட்டியா" என்று பதிவுக் குரலோடு பேசிக்கொண்டிருந்தார்களாம்.

சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிறகு ஒரு நாள் மாலை அந்த நிறுவனத்தின் பக்கம் ஏதோ படுத்துவிட்டது. எங்கள் ஒர்க்கர் ஓர் அழைப்பைச் சொல்லும், பதில் வராது, மறுபடி சொல்லும், பதில் வராது, மூன்றாவது முறையும் இல்லையென்றால் அதைத் 'தோல்வி' என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கும். அப்படித்தான் நாங்கள் எழுதியிருந்தோம். ஆகவே அக்கா கொடுத்த பெயர்கள் அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, மும்மூன்று முறை முட்டிப் பார்த்து, குப்பையில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சும்மா இருந்தது. சில எண்களுக்கு அழைப்பு உண்மையில் போயிருக்கிறது, பதில்தான் எங்களுக்கு வரவில்லை. அந்தப் பெண்களுக்கு ஒரே செய்தி மூன்று முறை போயிற்று. மற்றவர்களுக்கு ஒன்றுமே போகவில்லை.

காலையில் ஜீப்புகள் பாதிக்கு மேல் காலியாகக் காற்று வாங்கிக்கொண்டு போயின. தோட்டத்து சூப்பர்வைசர், கேரள பார்டரில் பிறந்து வளர்ந்த ஆள், தமிழும் மலையாளமுமாகப் பேசுகிறவர், அக்காவிடம், "காயி பழுத்து வெடிச்சா ஞான் என்ன செய்யும்? ஆளு இல்லேங்கில் வேற கேங்கு உண்டு கேட்டோ" என்றிருக்கிறார். ஏலக்காய் அப்படித்தான். பதமான நாளில் கையில் வராவிட்டால் முற்றிப் பழுத்து வெடித்துவிடும், பிறகு பச்சை நிறமும் இல்லை, விலையும் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

அக்கா எங்களைத் திட்டவில்லை. படியில் நின்றபடி, "தம்பி, இந்தத் தோட்டம் போச்சுன்னா எனக்கு ரெண்டு ஜீப்புக்கு ஆளு வேணாம். அந்த ரெண்டு ஜீப்புப் பொம்பளைகளும் வேற கங்காணிகிட்டப் போயிருவாக. அம்புட்டுத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இனி ஒரு மாலை இப்படிப் போக விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெயர் சர்க்யூட் பிரேக்கர். வீட்டு மெயின் போர்டில் மின்சாரம் எகிறினால் டப்பென்று விழுமே ஒரு சுவிட்ச், அதன் பெயரையே மென்பொருளுக்கும் வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக ஓடும்போது சுவிட்ச் மூடியிருக்கும், வேலைகள் அதன் வழியே போகும். எதிர்ப்பக்கம் தொடர்ந்து ஐந்து முறை தோற்றால் அது திறந்துகொள்ளும். திறந்துவிட்டால் ஒர்க்கர் வரிசையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கையில் இருப்பதையும் வரிசையிலேயே திரும்ப வைக்க வேண்டும், அந்த வேலையின் கணக்கில் தோல்வி என்று எழுதக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துப் பாதி மூடிய நிலைக்கு வந்து, ஒரே ஓர் அழைப்பை மட்டும் அனுப்பிப் பார்க்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதுதான். அது தேறினால் மேலும் ஒன்றிரண்டு, அவையும் தேறினால் முழுக்க மூடிக்கொண்டு வேலை பழையபடி ஓடும். தேறாவிட்டால் மறுபடி திறந்து, முன்பைவிடக் கூடுதல் நேரம் காத்திருக்கும்.

இதில் இரண்டு நன்மை. படுத்துக் கிடக்கிறவனை உதைத்துக்கொண்டே இருந்தால் அவன் எழுந்திருக்க இன்னும் நேரமாகும், நம்மைப் போல நூறு பேர் உதைத்தால் கேட்கவே வேண்டாம். அது ஒன்று. வேலைகள் குப்பைக்குப் போகாமல் வரிசையில் பத்திரமாக இருக்கும் என்பது மற்றது. எழுதி முடித்து, சுவிட்ச் திறந்தால் எங்கள் இருவர் போனுக்கும் அக்காவின் போனுக்கும் ஒரு செய்தி வரும்படி வைத்தேன். அந்தச் செய்தியை அதே நிறுவனம் வழியாக அனுப்பாமல் வேறு வழியில் அனுப்ப வேண்டும் என்ற புத்தி எனக்குச் சரியான நேரத்தில் வந்தது. அதற்காக என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

தட்டிய கை ஓயும் முன்னே அடுத்த அடி விழுந்தது.

ஒரு மாலை சுவிட்ச் திறந்துகொண்டது. செய்தி வந்தது. "பாத்தியா மாப்ளே, எப்படி வேலை செய்யுது" என்று கூட்டாளியிடம் பெருமை அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் இன்னும் திறந்தே இருக்கிறது. சோதனைக்குப் போன ஒற்றை அழைப்பும் தோல்வி. காத்திருப்பு இரண்டு மடங்கானது. அடுத்த சோதனையும் தோல்வி, மறுபடி இரண்டு மடங்கு. அக்கா போனில் கேட்டபோது, "அவுகளுக்கு அங்க கோளாறுக்கா, சரியானதும் தானா போயிரும்" என்றேன். அழைப்பு நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டால் அங்கே ஒருவர், எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்று குளிர்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என் குரலை உயர்த்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்காகத்தான் அது எனக்குப் பட்டது. உண்மையில் அன்று செவிடன் யார் என்பது மறுநாள் தெரிந்தது.

மறுநாள் காலை ஜீப்புகளில் வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குக் கொஞ்சம் மேல். அக்கா அவர்களை ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே போய், சூப்பர்வைசர் சொன்னதை எல்லாம் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, மத்தியானமே மாடிக்கு வந்துவிட்டார். அந்த மனிதர் இந்த முறை நீட்டவில்லையாம். "அடுத்த ரவுண்டு கடைசி. அதிலும் ஆளு வந்தில்லேங்கில், மதி" என்றாராம். மதி என்றால் போதும் என்று அர்த்தம், மலையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சொல்.

கூட்டாளி மெதுவாகச் சொன்னான். "மாப்ளே, இந்த பிரேக்கரக் கழட்டிருவோம். அது இல்லாதப்பக்கூட இம்புட்டு மோசமாப் போகல."

"எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தச் சொல்றியா" என்று பாய்ந்தேன். "ஏன் திறந்துச்சுன்னு தெரியாம எதையும் கழட்ட மாட்டேன்."

எரிச்சலில் அக்காவைப் பார்த்து, வந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். அவர் விரலை மடக்கிச் சொல்லச் சொல்ல, நான் திரையில் முந்தின நாள் பதிவுகளைத் தேடினேன். முதல் பெயர், தோல்வி. இரண்டாவது பெயர், தோல்வி. கடைசிப் பெயர் வரை தோல்வி. அழைப்பே போகாமல் வரிசையில் தங்கிவிட்ட ஒருத்திகூட வரவில்லை. அழைப்பு போய், தோற்றதாக எங்கள் ஒர்க்கர் எழுதி வைத்த பெண்கள் மட்டும், ஒருவர் விடாமல் அத்தனை பேரும் ஜீப்பில் ஏறியிருக்கிறார்கள். தோற்ற அழைப்பைக் கேட்டு ஆள் எப்படி வரும்?

பதிவை விரித்துப் பார்த்தேன். நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பியிருந்தது, அதுவும் உடனுக்குடன். மணி அடித்தது, எதிரில் இருப்பவர் எடுக்காமல் துண்டித்துவிட்டார் என்று.

"அக்கா, உங்க ஆளுக போன கட் பண்றாகளா?"

"ஆமா, கட் பண்ணுவாக." இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தார். "நான் போன் போட்ட காலத்துலயே அப்படித்தான். நான் மிஸ்டு கால் குடுப்பேன், வர்றவ கட் பண்ணுவா. கட் பண்ணுனா வர்றேன்னு அர்த்தம். முழுசா அடிச்சு நின்னா வரலன்னு அர்த்தம். மெசினு வந்த புதுசுல குரலக் கேக்கணும்னு எடுத்தாளுக. இப்ப அலுத்துப்போச்சு. அதே தோட்டம், அதே ஜீப்பு, என்னத்தக் கேக்க."

கூட்டாளி நாற்காலியில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான், சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. ஐந்து பெண்கள் வரிசையாக "வர்றேன்" என்று அவர்கள் வழக்கப்படி சொல்லியிருக்கிறார்கள். போனை எடுக்காததெல்லாம் தோல்வி என்று நான் எழுதியிருந்ததால், பிரேக்கர் அதை ஐந்து தோல்வி என்று எண்ணி, எதிர்ப்பக்கம் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, மற்ற எல்லோருக்கும் கதவைச் சாத்தியிருக்கிறது. சோதனைக்குப் போன அழைப்பையும் ஒவ்வொருத்தி சந்தோஷமாகத் துண்டித்திருக்கிறாள். ஒவ்வொருத்தி 'வர்றேன்' என்னும்போதும் இது காத்திருப்பை இரண்டு மடங்காக்கியிருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு கோளாறு வாய்க்காது. எனக்குத்தான் வாய்த்தது, அதுவும் இதே ஊரில் மிஸ்டு கால் கொடுத்து வளர்ந்தவனுக்கு.

அன்று சாயங்காலத்துக்குள் திருத்தினேன். அழைப்பு நிறுவனம் பதில் சொல்கிறதா இல்லையா, அதுமட்டும்தான் பிரேக்கரின் கவலை. அந்தப் பெண் எடுத்தாளா, துண்டித்தாளா, போன் அணைந்து கிடக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பெண்ணின் சங்கதி. அப்படி எந்தப் பதில் வந்தாலும் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறது என்றுதான் பொருள், தோல்விக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் பதிலே இல்லை, அல்லது அவர்கள் பக்கமே தங்களால் முடியவில்லை என்று சொல்கிறார்கள், இவை மட்டும் தோல்வி. துண்டித்தால் 'வருகிறார்' என்று எழுதிக்கொள்ளும்படி வைத்தேன். முழுக்க அடித்து ஓய்ந்தால், அணைந்திருந்தால், அந்த ஒருவரை மட்டும் பிறகு ஒரு முறை கூப்பிடும். கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வகைப் பதிலையும் பொய்யாக அனுப்பிச் சோதித்தான். அவனுடைய நிதானத்தை நான் என்றைக்கும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை, இங்கே பாராட்டிவிடுகிறேன்.

அடுத்த ரவுண்டு பறிப்புக்குக் காய் தயாரானது. மறுநாள் ஆட்கள் மேலே ஏற வேண்டும். அக்கா நாலு மணிக்கு மேல் பெயர்களைத் தட்டிவிட்டார். நான் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதல் சில அழைப்புகள் போயின. ஒருத்தி துண்டித்தாள், 'வருகிறார்' என்று விழுந்தது. இன்னொருத்தி, மற்றொருத்தி. எனக்குள் ஒரு குளுமை இறங்கியது.

அப்புறம் நின்றுவிட்டது. பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை. ஐந்தாவதும் பதில் இல்லாமல் போனதும் சுவிட்ச் திறந்தது. கைப்பேசி துடித்தது. பதிவை விரித்தேன், இந்த முறை துண்டிப்பு ஒன்றுகூட இல்லை. அந்த நிறுவனமே நிஜமாகப் படுத்திருந்தது. இதற்கென்று ஒரு நாள் பார்த்திருக்கிறார்கள் பாவிகள்.

செய்தியைப் பார்த்த அக்கா பத்து நிமிடத்தில் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "என்னா தம்பி, மறுபடியுமா?"

"இந்தத் தடவ நெசமாவே அவுக பக்கம் கோளாறுக்கா. வீட்டுல ட்ரிப் ஆகுற சுவிட்ச் மாதிரி, நம்ம மெசினு தானா நின்னுருக்கு."

"வீட்டுல ட்ரிப் ஆனா தூக்கி விட மாட்டாகளா? தூக்கி விடு."

கூட்டாளியும் என்னைப் பார்த்தான். சுவிட்சைக் கையால் மூடுகிற பொத்தான் ஒன்று திரையில் இருந்தது, நானேதான் வைத்தேன். ஒரு தட்டு தட்டினால் ஒர்க்கர் உடனே ஓட ஆரம்பிக்கும். அக்காவின் தொழில், ரெண்டு ஜீப்புப் பெண்கள், மேலே காத்திருக்கிற காய், எல்லாம் அந்தப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல அந்த நேரத்தில் தோன்றியது. எனக்குக் கை நமநமத்தது.

"மாட்டேன்க்கா" என்றேன். "தூக்கி விட்டா மறுபடி விழும். விழுற வரைக்கும் யாருக்குப் போச்சு, யாருக்குப் போகலைன்னு கணக்கு கலைஞ்சுரும். ஒருத்திக்கு மூணு தடவ போகும், ஒருத்திக்குப் போகவே போகாது. இப்ப அது நிக்கிறதால, யாருக்கெல்லாம் போகலைங்கிறது இந்தா அப்படியே இருக்கு. மொதத் தடவ காலையில ஜீப்பு வந்தப்புறம்தான நமக்குத் தெரிஞ்சுச்சு? இப்ப வெளிச்சம் இருக்கையிலயே தெரிஞ்சுருச்சு. படுக்கப் போற வரைக்கும் நேரம் இருக்கு."

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேரப் படி" என்றார்.

படித்தேன். தன் போனில் ஒவ்வொருத்திக்கும் அவரே மணி அடித்தார். எதிரே துண்டித்ததும் விரலை உயர்த்துவார், கூட்டாளி அந்தப் பெயரை வரிசையிலிருந்து நீக்குவான், நிறுவனம் எழுந்து வந்தாலும் அவளுக்கு இன்னொரு முறை போகக் கூடாதே. இடையிடையே பிரேக்கர் தன் கடமைக்கு ஓர் அழைப்பை அனுப்பிப் பார்த்தது. தேறவில்லை. மறுபடி திறந்துகொண்டு காத்திருந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, எங்கள் நாலாவது ஆள் அது என்று தோன்றியது.

போடிக்காரர்கள் முடிந்தார்கள். சிலமலைக்காரர்களுக்கு மணி அடித்தால் ஒருவரும் எடுக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. அக்கா நெற்றியைத் தேய்த்தார். "இன்னைக்கு அங்க கோயில்ல ரேடியோ செட்டு கட்டியிருக்காக. காதுல விழுகாது. அத்தன பேரும் அங்கதான் நிப்பாளுக."

பைக் சாவியை எடுத்தேன். அக்கா பெயர்களைச் சொல்லச் சொல்ல என் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சிலமலையில் குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. பொங்கல் வைக்கிற கூட்டத்துக்குள் புகுந்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டு, காதருகே போய்க் கத்த வேண்டியிருந்தது. சொல்லி முடித்த பெயரை உடனுக்குடன் கூட்டாளிக்கு அனுப்பினேன், அவன் வரிசையிலிருந்து நீக்கிக்கொண்டான். "நாளைக்கு வேல இருக்கு, கங்காணி அக்கா சொல்லச் சொன்னாக." ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாருப்பா? இத்தன நாளா பொம்பளக் குரல்ல பேசுனது நீதானா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அன்றைக்கு முதல் முறையாக.

பெரும்பாலானவர்களைப் பார்த்து முடித்து, கோயிலைத் தாண்டி ஒரு சந்தில் ஒரு பெண்ணிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையில் இருந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவள், என்னைக் கையமர்த்தினாள். அந்தச் சந்தில் சத்தம் குறைவு, எனக்கே கேட்டது. "நாளைக்கு வேல இருக்கு ஆத்தா, வெரசா வந்துருங்க."

அந்தச் சோதனை அழைப்பு தேறிவிட்டது. நான் அந்தப் பெண்ணின் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த சந்தில் ஒரு போன் அடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டாளி கூப்பிட்டான். "மூடிருச்சு மாப்ளே. மிச்சம் ஏழெட்டுப் பேருதான், எல்லாம் போய்க்கிட்டு இருக்கு. நீ வா, அக்கா உனக்குப் புரோட்டா வாங்கி வச்சிருக்காக." என் கண்ணில் தண்ணீர் வந்தது. புரோட்டாவுக்கு இல்லை.

மறுநாள் விடியலில் நானும் ஜீப்பில் ஏறினேன், கண்ணால் பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. எந்த ஜீப்பிலும் இடம் காலியாக இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் போடிமெட்டைத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தேன். பனி விலகாத தோட்டத்து கேட்டில் எங்களுக்கு முன்பே ஒரு ஜீப்பு நின்றிருந்தது. உள்ளே பெண்கள், மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. சூப்பர்வைசர் எங்களை நம்பாமல் முந்தின நாளே வேறு ஒரு கங்காணியிடம் ஆள் சொல்லி வைத்திருக்கிறார்.

எங்கள் இரண்டு ஜீப்புப் பெண்களும் இறங்க இறங்க அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது ஜீப்பும் காலியானது. "சரி. ஏறிக்கோ" என்று சரிவைக் காட்டினார். பிறகு முன்பே வந்து நின்ற அந்த ஜீப்பைப் பார்த்துக் கையை வீசினார், திரும்பிப் போகச் சொல்லி.

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. அக்கா அந்தப் பக்கம் நடந்தார். சூப்பர்வைசரிடம் போய், "கீழ்ச் சரிவுலயும் காயி கெடக்குல்ல? ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல எடுத்துருவோம், இவுகளையும் வேலைக்கு விடுங்க" என்றார். அவர் தலையை ஆட்டினார். கீழ்ச் சரிவு இன்னும் பதமாகவில்லை, வேண்டாம். அக்கா இரண்டாவது முறையும் கேட்டார். மறுபடியும் வேண்டாம் என்றார். அந்த ஜீப்பு பின்னால் எடுத்துத் திரும்பியது. எங்கள் பெண்களைப் போலவே இருட்டில் எழுந்து, சோறாக்கி, குழந்தைகளை யாரிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள், எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கீழே போனார்கள்.

அது வளைவில் மறையும்வரை அக்கா நின்றிருந்தார்.

"அவுகளுக்கு இப்படி மேல வந்தப்புறம் தெரியக் கூடாது தம்பி" என்றார். "வேல இருக்குன்னு சொன்ன மாதிரி, வேணாம்னாலும் முந்துன நாளே சொல்லணும். அவுக நம்பர வாங்கியாறேன். உன் மெசினு அவுகளுக்கும் போன் போடுமா?"

"போடும்க்கா" என்றேன்.

அவர் சரிவில் ஏற ஆரம்பித்தார்.